நுரைக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு?

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றின் பின்புறம், தரைக்குக் கீழே கான்கிரீட்டில் கட்டி மேலே மூடிபோட்ட ஒரு தொட்டி இருக்கும். சாஃப்ட் ஃப்ளோ மெஷின்களில் இருந்து வடியும் சாயத் தண்ணீர் முதலில் வந்து சேருகிற இடம் அது. சாயம் ஏற்றும்போது தண்ணீர் ஏறக்குறைய 60 டிகிரிச் சூட்டில் இருக்கும். அதன்பின் ஒட்டாத சாயத்தை நீக்க சோப்பிங் செய்வார்கள். அப்போது 90 டிகிரியைத் தாண்டிவிடும். துணி நனைவதற்குச் சேர்த்த வெட்டிங் ஏஜென்ட், சோப்பிங் ஏஜென்ட், உப்பு, பஞ்சுத் துணுக்கு எல்லாம் அந்தத் தண்ணீரோடு சேர்ந்தே வரும். தொட்டிக்குள் விழுகிற வேகத்தில் நுரை பொங்கும். நுரைக்கு மேலே வெந்நீர் ஆவி. ஆவிக்கு மேலே, மூடியின் அடிப்பக்கம் முழுக்க முத்துமுத்தாக நீர்த்துளிகள்.

இந்தத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கருவி சரியாகச் சொல்ல வேண்டும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அங்கே தொழில் நடக்கிறது. தொட்டி நிரம்பி வழிந்தால் அது சட்டப் பிரச்சினை. தொட்டி காலியானது தெரியாமல் பம்ப் ஓடினால் சீல் கருகும். இரண்டையும் தடுக்க நம்பியிருப்பது மூடியில் பொருத்திய ஒரு லெவல் சென்சாரை.

பெரும்பாலான பட்டறைகளில் முதலில் வாங்கிப் போடுவது அல்ட்ராசோனிக் சென்சார். விலை குறைவு, பொருத்துவது எளிது. சில மாதம் கழித்து ரேடார் என்ற பேச்சு வரும். அதற்கும் பிறகு யாராவது ‘கைடட் வேவ்’ என்பார்கள். மூன்றும் அடிப்படையில் செய்வது ஒரே வேலைதான்: மேலிருந்து ஓர் அலையை அனுப்பி, அது நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து, நேரத்தைத் தூரமாக மாற்றுகின்றன. தொட்டியின் ஆழத்தில் இருந்து அந்தத் தூரத்தைக் கழித்தால் நீர்மட்டம். ஆகவே எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை நீரில் இல்லை. சென்சாருக்கும் நீருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. நம் தொட்டியில் நடுவில் இருப்பவை மூன்று: ஆவி, நுரை, துளி. ஒவ்வொன்றையும் இந்த மூன்று கருவிகளும் வெவ்வேறு விதமாகச் சந்திக்கின்றன.

ஆவி: ஒலியின் வேகம் மாறும்போது

அல்ட்ராசோனிக் சென்சார் அனுப்புவது ஒலி. நம் காதுக்கு எட்டாத, நொடிக்குப் பல்லாயிரம் அதிர்வுகள் கொண்ட ஒலி. ஒலிக்குப் பயணம் செய்யக் காற்று வேண்டும். அந்தக் காற்றின் தன்மை மாறினால் வேகமும் மாறும். 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. ஒரு டிகிரி சூடு ஏறினால் வேகம் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். இதைச் சரிசெய்யத்தான் சென்சாருக்குள்ளேயே ஒரு வெப்பமானி வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த வெப்பமானி இருப்பது சென்சாரின் முகத்தில், அதாவது மூடிக்குப் பக்கத்தில். அங்கே வெளிக்காற்று பட்டு ஓரளவு ஆறியிருக்கும். நீருக்கு அருகில் இருக்கும் சூடு அதற்குத் தெரியாது. ஆவி கலந்த காற்றில் ஒலி இன்னும் வேகமாகப் போகும் என்பதும் அதற்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்சாரில் இருந்து தொட்டியின் தரை 5 மீட்டர். பம்பின் உறிஞ்சு குழாய் தரையில் இருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதுகாப்புக்காக, நீர்மட்டம் 60 சென்டிமீட்டருக்கு இறங்கியதும் பம்ப் நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். சென்சாரின் வெப்பமானி 40 டிகிரி காட்டுகிறது. அதை வைத்து ஒலியின் வேகம் நொடிக்கு 355 மீட்டர் சொச்சம் என்று கருவி கணக்கிடும். உண்மையில் உள்ளே சராசரிச் சூடு 55 டிகிரி, காற்றில் ஈரம் முழுமையாக ஏறியிருக்கிறது. அந்த நிலையில் வேகம் சுமார் 374 மீட்டர். வித்தியாசம் ஐந்து சதவீதம்தான்.

ஆனால் அந்த ஐந்து சதவீதம் நீர்மட்டத்தின் மேல் கணக்காவதில்லை. சென்சாரில் இருந்து நீர் வரைக்கும் உள்ள தூரத்தின் மேல் கணக்காகிறது. தொட்டி காலியாகக் காலியாகத் தூரம் கூடும், பிழையும் கூடும். திரையில் 60 சென்டிமீட்டர் என்று வரும்போது, கருவி அளந்ததாக நினைக்கும் தூரம் 4.40 மீட்டர். உண்மைத் தூரம் சுமார் 4.63 மீட்டர். அப்படியென்றால் தொட்டியில் இருப்பது 37 சென்டிமீட்டர். உறிஞ்சு குழாயின் வாய் ஏற்கெனவே நீருக்கு மேலே வந்துவிட்டது; பம்ப் காற்றை இழுக்கிறது. “மீட்டர் அறுபதுக்கு மேலதாங்கண்ணா நிக்குது, பம்ப் மட்டும் கத்துதுங்க” என்று ஆபரேட்டர் சொல்வதற்குக் காரணம் இதுதான். கருவி பழுதாகவில்லை, பம்பும் பழுதாகவில்லை. ஒலியின் வேகத்தைத் தவறாக நினைத்துக்கொண்டு கருவி ஒழுங்காக வேலை செய்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. தொட்டி ஆறியிருக்கும் காலையில் ஒருமுறை, வெந்நீர் வந்து விழும் மதியத்தில் ஒருமுறை டேப்பைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். காலையில் ஒத்துப்போய், மதியத்தில் மட்டும் திரை கூடுதலாகக் காட்டினால், அதுவும் நீர் குறையக் குறைய வித்தியாசம் கூடினால், குற்றவாளி ஆவிதான்.

ஆவி என்றால் நீராவி மட்டும் இல்லை. மொலாசஸ் புளிக்கும் டிஸ்டில்லரித் தொட்டியில் நீருக்கு மேலே நிற்பது பெரும்பாலும் கரியமில வாயு. அதில் ஒலி நொடிக்கு 268 மீட்டர் வேகத்தில்தான் போகும். அங்கே பிழை எதிர்த் திசையில் வரும். இரண்டு மீட்டர் தூரத்தை இரண்டரை மீட்டருக்கு மேல் என்று கருவி நினைக்கும். தொட்டியில் உண்மையில் இருப்பதைவிட அரை மீட்டர் கூடுதலாக இடம் இருப்பதாகக் காட்டும். காற்று அல்லாத வாயு நிற்கும் மூடிய தொட்டியில் அல்ட்ராசோனிக்கை வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ரேடார் அனுப்புவது மின்காந்த அலை. அதற்குப் பயணிக்கக் காற்றே வேண்டாம். 55 டிகிரிச் சூட்டில் ஈரம் நிறைந்த காற்றிலும் அதன் வேகம் மாறுவது பத்தாயிரத்தில் ஐந்து பங்கு அளவுக்குத்தான். நான்கு மீட்டர் தூரத்துக்கு அது இரண்டு மில்லிமீட்டர். கைடட் வேவும் மின்காந்த அலைதான். அதனால் அதற்கும் இதே நன்மை உண்டு. உயர் அழுத்த பாய்லர் டிரம்மில் நிற்கும் அடர்ந்த நீராவியில் மட்டும் இந்த அலையும் குறிப்பிடத்தக்க அளவு தாமதிக்கும். அதற்கெனத் திருத்தம் செய்துகொள்ளும் கருவிகள் இருக்கின்றன. நம் தொட்டி சாதாரண அழுத்தத்தில் இருப்பது. ஆகவே ஆவி என்ற முதல் தடையிலேயே அல்ட்ராசோனிக் பின்தங்கிவிடுகிறது. மற்ற இரண்டும் எளிதாகத் தாண்டுகின்றன.

துளி: சென்சாரின் முகத்தில் ஒட்டும் நீர்

சூடான ஈரக் காற்று, தன்னைவிடக் குளிர்ந்த பரப்பைத் தொட்டால் அதில் நீர் படியும். தொட்டியின் மூடியில் சென்சாரைப் பொருத்தும் குட்டைக் குழாயை நாசில் என்பார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் தொட்டியிலேயே அதிகம் குளிர்வது அந்த இடம்தான். அதாவது துளி படிவதற்கு மிகத் தோதான இடத்தில்தான் நாம் கருவியை வைக்கிறோம்.

அல்ட்ராசோனிக்கின் முகம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வில் சிறு துளிகள் உதிர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் பெரிய துளிகளாகத் திரண்டு தொங்கும்போது ஒலி வெளியேறுவதே பலவீனமாகிறது. முகத்துக்கு மிக அருகில் வரும் எதிரொலியைக் கருவியால் பிரித்தறிய முடியாத ஒரு பகுதி எப்போதும் உண்டு; சாதாரணமாக 25 முதல் 50 சென்டிமீட்டர் வரை. அதை பிளைண்ட் ஜோன் என்கிறார்கள். நாசிலின் உட்சுவரில் துளிகள் கோத்து நின்றால் அந்தப் பகுதி இன்னும் கீழே நீளும்.

ரேடாரில் நிலைமை அலைவரிசையைப் பொறுத்தது. சந்தையில் 6, 26, 80 கிகாஹெர்ட்ஸ் என மூன்று வகை இருக்கின்றன. 6-இல் அலைநீளம் 50 மில்லிமீட்டர். 26-இல் 11 மில்லிமீட்டர் சொச்சம். 80-இல் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. அலைநீளம் சிறிதானால் கற்றை குறுகும். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாவில் 26 கிகாஹெர்ட்ஸ் கற்றை சுமார் பத்து டிகிரி விரியும். நான்கு மீட்டர் கீழே அது 70 சென்டிமீட்டர் அகலம். அதே அளவு ஆன்டெனாவில் 80 கிகாஹெர்ட்ஸ் மூன்று நான்கு டிகிரிதான் விரியும். நான்கு மீட்டரில் 30 சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஏணியும் குழாயும் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் இது பெரிய வசதி.

ஆனால் நீர்ப்படலத்துக்கு முன்னால் இந்தக் குட்டை அலை நெட்டை அலையைவிடத் தளர்ந்துபோகும். தனித்தனித் துளிகளால் பெரிய பாதிப்பில்லை. ஆன்டெனாவின் முகம் முழுவதும் ஒரே படலமாக நீர் பரவினால்தான் ஆபத்து. அதனால்தான் இந்த ஆன்டெனாக்களின் முகத்தைத் தண்ணீர் ஒட்டாத டெஃப்லான் வகைப் பொருளில், நடுவில் குவிந்த வடிவில் செய்கிறார்கள். படியும் நீர் நடுவுக்கு ஓடி, ஒரு துளியாகச் சேர்ந்து சொட்டிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. இன்றைய ரேடார்களில் பெரும்பாலானவற்றைக் கைப்பேசிச் செயலியோடு இணைத்து எக்கோ கர்வ் என்ற வரைபடத்தைப் பார்க்கலாம். கிடைக்கோட்டில் தூரம், செங்குத்தில் திரும்பி வந்த அலையின் வலிமை. ஆன்டெனா சுத்தமாக இருக்கும்போது இடது ஓரத்தில் ஒரு சிறிய மேடு இருக்கும். அது கருவியின் சொந்த இரைச்சல். அப்புறம் அமைதி. நீர்மட்டம் இருக்கும் தூரத்தில் ஊசிபோல் ஒரு முகடு. துளி படியப் படிய இடது மேடு அகன்று வலப்பக்கம் படர்வதையும் ஊசி முகடு குட்டையாவதையும் பார்க்கலாம். மேடு அகன்று முகட்டை விழுங்கிவிட்டால், கருவி அந்த மேட்டையே நீர்மட்டம் என்று எடுத்துக்கொண்டு ‘தொட்டி நிரம்பிவிட்டது’ என்று சொல்லும்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பொய்யான எதிரொலியை நீக்க, செயலியில் மேப்பிங் என்ற வசதி இருக்கிறது. இப்போது தெரியும் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள், இனி இதைப் பொருட்படுத்தாதே என்று கருவிக்குச் சொல்வது அது. ஏணி, குழாய் போன்ற நிலையான பொருள்களுக்கு அது சரி. துளி படிந்த நேரத்தில் மேப்பிங் செய்தால், துளி உலர்ந்த பின்னும் அந்தப் பகுதியில் வரும் உண்மையான நீர்மட்டத்தைக் கருவி பார்க்காது. தொட்டி நிரம்பிய நிலையில் மேப்பிங் செய்தால் ஆபத்து இன்னும் அதிகம். நிறைந்த தொட்டியையே பொய் என்று கருவிக்குக் கற்பித்துவிடுகிறோம். தொட்டி காலியாகவும் ஆன்டெனா உலர்ந்தும் இருக்கும்போது மட்டுமே மேப்பிங் செய்ய வேண்டும்.

துளிக்கு மருந்து மென்பொருளில் இல்லை, நாசிலில் இருக்கிறது. நாசிலின் உயரத்தைக் குறைத்து, ஆன்டெனாவின் முனை நாசிலைத் தாண்டித் தொட்டிக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்படி பொருத்த வேண்டும். நாசிலுக்கு வெளியே வெப்பக்காப்பு சுற்றினால் அது குளிராது. குளிராத இடத்தில் நீர் படியாது. அதுவும் போதவில்லை என்றால் ஆன்டெனாவின் முகத்தில் உலர்ந்த காற்றை ஊதும் ஏர் பர்ஜ் வசதி உள்ள மாதிரியை வாங்கலாம்.

கைடட் வேவில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதில் ஆன்டெனா கிடையாது. மூடியில் இருந்து ஒரு கம்பியோ கயிறோ நீருக்குள் இறங்குகிறது. அலை அதை ஒட்டியே கீழே ஓடி நீரைத் தொட்டதும் திரும்புகிறது. கம்பியின் மேல் துளிகள் படிந்தாலும் வழிந்து ஓடிவிடும். அலையின் அலைவரிசையும் ஒரு கிகாஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த அளவில் இருப்பதால், சிறு துளிகள் அதைத் தடுப்பதில்லை.

நுரை: எந்த மட்டம் வேண்டும்?

நுரை விஷயத்தில் கருவியைப் பற்றிப் பேசும் முன்பு முதலாளி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கு வேண்டியது நுரையின் மேல்மட்டமா, நுரைக்குக் கீழே உள்ள நீரின் மட்டமா? பம்பைக் காக்க வேண்டும் என்றால் நீர்மட்டம். தொட்டி பொங்கி வழியக் கூடாது என்றால் நுரைமட்டம். இரண்டும் வேண்டும் என்றால் ஒரே சென்சாரிடம் இரண்டையும் எதிர்பார்க்கக் கூடாது.

ஒலிக்கு நுரை பஞ்சு மெத்தை போன்றது. உள்ளே போன ஒலி குமிழிகளுக்கு நடுவே சிதறி அடங்கிவிடும். சில சென்டிமீட்டர் நுரை போதும், எதிரொலி காணாமல் போக. அப்போது கருவி என்ன செய்யும் என்பது அதை எப்படி அமைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கடைசியாகக் கிடைத்த அளவையே காட்டிக்கொண்டிரு என்று அமைத்திருந்தால், திரையில் ஒரு நேர்கோடு வரும். பம்ப் ஓடுகிறது, தண்ணீர் இறங்குகிறது, திரையில் மட்டும் எதுவும் மாறவில்லை. ட்ரெண்ட் வரைபடத்தில் இப்படி நேர்கோட்டைக் கண்டால் முதலில் நுரையைத்தான் சந்தேகிக்க வேண்டும். எதிரொலி தொலைந்தால் 4–20 மில்லிஆம்பியர் எல்லையை விட்டு வெளியே போய், 3.6-க்குக் கீழோ 21-க்கு மேலோ நின்று ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லும்படி அமைப்பதுதான் பாதுகாப்பு.

ரேடாருக்கு எல்லா நுரையும் ஒன்றல்ல. பெரிய குமிழிகளோடு உலர்ந்து லேசாக இருக்கும் நுரை பெரும்பாலும் காற்றுதான்; அலை அதை ஊடுருவிப் போய் நீரைத் தொட்டுத் திரும்பும். சிறு குமிழிகள் நெருங்கி, ஈரம் கோத்த கெட்டி நுரை வேறு ரகம். அதில் அலை மெல்ல மெல்ல உறிஞ்சப்படும். பளிச்சென்று திரும்புவதற்கு ஒரு தெளிவான பரப்பே கிடைக்காது. சாயத் தண்ணீரில் உப்பும் இருக்கிறது. உப்புநீர்ப் படலங்கள் மின்சாரத்தைக் கடத்துவதால் உறிஞ்சுதல் இன்னும் அதிகம். இந்த இடத்தில் 80 கிகாஹெர்ட்ஸைவிட 26-உம், 26-ஐவிட 6-உம் ஆழமாக ஊடுருவும். கற்றை குறுகலாக இருப்பதற்காக வாங்கும் 80 கிகாஹெர்ட்ஸ் கருவி கெட்டி நுரையில் திணறுவதற்கு இதுதான் காரணம்.

உங்கள் நுரை எந்த ரகம் என்று தெரிய, கண்ணாடிக் குடுவை ஒன்று போதும். தொட்டியின் மேன்ஹோல் வழியாக நுரையை அள்ளி ஒரு லிட்டர் அளவுக் குடுவையை நிரப்புங்கள். அது முழுவதும் அடங்கியபின் அடியில் எத்தனை மில்லி நீர் நிற்கிறது என்று பாருங்கள். சில மில்லிதான் என்றால் லேசான நுரை. ரேடாருக்கு வழி விடும். ஐம்பது, நூறு மில்லி என்று நின்றால் கெட்டி நுரை. அள்ளும்போதே நீர் வடிந்துவிடும் என்பதால் வேகமாக அள்ள வேண்டும். வெந்நீரும் ஆவியும் இருக்கும் இடம். கையுறையும் நீண்ட கைப்பிடியும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

நுரையை அடக்கும் டிஃபோமர் ஊற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். டிஃபோமர்களில் பல சிலிக்கோன் சேர்ந்தவை. இந்தத் தண்ணீர் கடைசியில் ஆர்.ஓ. மெம்பிரேனுக்குத்தான் போகிறது. சிலிக்கோன் மெம்பிரேனில் படிந்தால் கழுவி எடுப்பது கடினம். சென்சாருக்காக மெம்பிரேனைப் பலிகொடுக்க முடியாது.

கைடட் வேவ் நுரையில்தான் தன் பலத்தைக் காட்டுகிறது. அலையின் சக்தி கம்பியைச் சுற்றியே குவிந்திருக்கிறது, அலைவரிசை தாழ்ந்தது, அதனால் நுரையில் இழப்பு குறைவு. நுரையைத் தாண்டி நீரைத் தொட்டதும் ஓங்கிய எதிரொலி வரும். மின்காந்த அலை எந்த அளவுக்குத் திரும்பும் என்பதை அந்தப் பொருளின் மின்கடவா மாறிலி தீர்மானிக்கிறது. இந்தத் தாழ்ந்த அலைவரிசையில் நீருக்கு அது சுமார் 80. வந்த சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடும். மாறிலி 2 அளவில் இருக்கும் எண்ணெயாக இருந்தால் மூன்று சதவீதம்தான் திரும்பும்.

கெட்டி நுரையில் கைடட் வேவுக்கும் ஒரு சிறு பிழை வரும். நுரைக்குள் அலை கொஞ்சம் மெதுவாகப் போகும். நுரையின் மாறிலி 1.2 என்று வைத்துக்கொண்டால், 40 சென்டிமீட்டர் நுரை 44 சென்டிமீட்டராகத் தெரியும். நீர்மட்டம் உண்மையைவிட நான்கு சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். பம்ப் கொஞ்சம் முன்னதாகவே நிற்கும். அதனால் கெடுதல் இல்லை. அல்ட்ராசோனிக்கில் நாம் பார்த்த பிழை பம்பை எரிக்கும் திசையில் இருந்தது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கம்பியின் பலவீனம்

இவ்வளவும் சொன்ன பிறகு கைடட் வேவ்தான் எங்கும் சிறந்தது என்று முடித்துவிட முடியாது. அது தண்ணீரைத் தொடும் கருவி. தொடுவதால் வரும் தொல்லைகள் அனைத்தும் அதற்கு உண்டு. நம் தொட்டியில் முதல் எதிரி பஞ்சுத் துணுக்கு. நீர்மட்டம் ஏறி இறங்கும் பகுதியில் துணுக்குகள் கம்பியில் சுற்றிக்கொள்ளும். நுரை அதன்மேல் காய்ந்து உப்போடு சேர்ந்து பொருக்காகும். பொருக்கு கனத்து ஈரமாக இருந்தால், அதில் இருந்தே ஒரு எதிரொலி வரும்; நீர் இறங்கிய பின்னும் கருவி அந்த உயரத்தையே காட்டும். பம்ப் ஓடியும் அளவு ஒரே உயரத்தில் திரும்பத் திரும்ப ஒட்டி நின்றால், கம்பியை உருவிப் பார்க்க வேண்டிய நேரம் அது.

இதைக் குறைக்கச் செய்ய வேண்டியவை சில. ஒற்றைக் கம்பியையே தேர்ந்தெடுக்க வேண்டும். குழாய்க்குள் கம்பி இருக்கும் கோஆக்சியல் வகை தெளிந்த நீருக்கு மட்டும் பொருந்தும். பஞ்சு கலந்த நீரில் நடு இடைவெளி சீக்கிரமே அடைத்துவிடும். தொட்டிக்கு வரும் வழியிலேயே லின்ட் ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். வெந்நீர் வந்து விழும் இடத்தில் இருந்து கம்பியைத் தள்ளி வைக்க வேண்டும். ஐந்து மீட்டர் ஆழத்துக்குக் கயிறு வகை என்றால் அடியில் எடை கட்டி, தரையில் கொக்கி போட்டு நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அலைந்து சுவரைத் தொடும், சுவரின் எதிரொலி நீரின் எதிரொலியாகத் தெரியும். கலக்கும் துடுப்பு சுழலும் தொட்டி என்றால் கைடட் வேவைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கயிறு துடுப்பில் சிக்கும்.

அந்த மாதிரித் தொட்டிக்கும் பஞ்சை நிறுத்தவே முடியாத தொட்டிக்கும் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. மேலிருந்து தரைக்குப் பக்கம் வரை ஒரு நேர்க்குழாயை இறக்கி, அதற்குள் ரேடாரை நோக்கச் செய்வது. குழாயின் அடிவாய் நீருக்குள் இருப்பதால் நுரை வெளியிலேயே நின்றுவிடும், உள்ளே தெளிந்த நீர்மட்டம் கிடைக்கும். குழாயின் மேற்பகுதியில் காற்று போய்வர ஒரு துளை கட்டாயம் வேண்டும். அந்தத் துளையை மறந்தால் உள்ளே காற்று அடைபட்டு, குழாய்க்குள் ஒரு மட்டமும் வெளியே வேறு மட்டமும் இருக்கும். அடிவாயில் சேறு சேராமல் அவ்வப்போது கழுவ வேண்டும்.

இந்த மூன்றையும் விட்டு நான்காவதாக ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திறந்த காற்றழுத்தத்தில் இருக்கும் தொட்டியில், அடியில் ஓர் அழுத்த சென்சாரை இறக்கினால் நுரை, ஆவி, துளி மூன்றுமே அதற்குப் பொருட்டில்லை. நுரைக்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். 20 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குச் சூடேறும்போது நீரின் அடர்த்தி ஒன்றரை சதவீதம் குறையும். அந்த அளவு பிழைதான் வரும். உப்பின் அளவு மாறினால் அதற்கேற்ப இன்னும் கொஞ்சம். ஆனால் அடியில் தேங்கும் சேறு அதன் வாயை மூடிவிடும், கழற்றிக் கழுவ மேலே இழுக்க வேண்டும். சேறு குறைவான தொட்டிக்கு அது மலிவான, நல்ல வழி.

எதை வாங்குவது?

நாம் பேசிய மூடிய வெந்நீர்த் தொட்டிக்கு என் தீர்ப்பு இது. லின்ட் ஃபில்டர் சரியாக இருந்தால் ஒற்றைக் கம்பி கைடட் வேவ்; மாதம் ஒருமுறை கம்பியைத் துடைக்க ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். ஃபில்டரை நம்ப முடியாது, நுரையும் லேசானது என்றால் குவிந்த முகமுள்ள 80 கிகாஹெர்ட்ஸ் ரேடார், வெப்பக்காப்புச் செய்த குட்டை நாசிலில். நுரை கெட்டி, பஞ்சும் அதிகம் என்றால் 26 கிகாஹெர்ட்ஸ் ரேடாரைக் குழாய்க்குள் வையுங்கள். அல்ட்ராசோனிக்கைக் கைவிட வேண்டியதில்லை. ஆறிய நீர் நிற்கும், நுரையில்லாத, மேலே திறந்த தொட்டிக்கு அது போதும், அங்கே ரேடாருக்குப் பணம் செலவழிப்பது வீண்.

எதை வாங்கினாலும் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். நிரம்பி வழிவதைத் தடுக்கும் பொறுப்பை இந்த ஒரே கருவியிடம் விடக் கூடாது. மேல் எல்லையில் தனி ஒயரோடு, தனி ரிலேயோடு ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வைத்து, அது மேலே எழுந்ததும் வரும் தண்ணீர் நிற்கும்படி செய்யுங்கள். ஃப்ளோட் நீரில்தான் மிதக்கும், லேசான நுரை அதைத் தூக்காது. ஆகவே நுரை பொங்கும் உயரத்தையும் கணக்கில் எடுத்து, விளிம்புக்கு அந்த அளவு கீழே அதைப் பொருத்துங்கள்.

விலைப்பட்டியலைக் கேட்கும் முன்பு நான்கு தகவலைத் தாளில் எழுதி விற்பவரிடம் கொடுங்கள்: தொட்டிக்குள் மேலே நிற்கும் காற்றின் அதிகபட்சச் சூடு, நுரையின் உயரம், ஒரு லிட்டர் நுரையில் எத்தனை மில்லி நீர், நாசிலின் உயரமும் விட்டமும். இந்த நான்கையும் கேட்காமலேயே மாடல் எண்ணைச் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.